புதன்கிழமை வந்த 46,320 ரூபாய்

திங்கட்கிழமை இணையக் கடையில் 22 சேலை விற்றிருக்கிறது. சேலை ஒன்று 2,500 ரூபாய். ஆக, 55,000 ரூபாய் வர வேண்டும். புதன்கிழமை காலை வங்கி ஸ்டேட்மென்டைத் திறந்தால் ஒரே ஒரு வரவுதான் இருக்கிறது: 46,320 ரூபாய். அந்த 22 பேரில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. இருப்பது கேட்வே கம்பெனியின் பெயரும் அதன் பக்கத்தில் நீளமான ஒரு எண்ணும் மட்டும்.

"அம்மணி, திங்கக்கெழமப் பணம் ஏறிருச்சா?" என்று முதலாளி கேட்பார். "ஏறிருச்சுங்ண்ணா" என்று கணக்குப் பார்க்கும் பெண் சொல்வார். பெரும்பாலான கடைகளில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பணம் ஏறியது உண்மைதான். ஆனால் 8,680 ரூபாய் ஏறவில்லை. அதில் எவ்வளவு நியாயமான பிடித்தம், எவ்வளவு நாளைக்கு வரும், எவ்வளவு எந்த நாளும் வராது என்பது அந்த ஒற்றை வரவைப் பார்த்துத் தெரியாது.

இந்தக் கடையைக் கணக்கு விளங்குவதற்காக நான்தான் வைத்துக்கொண்டேன். நெகமம் காட்டன் சேலையை கோவையிலிருந்து இணையத்தில் விற்கும் கடை என்று எண்ணிக்கொள்ளுங்கள். திருப்பூர் பனியனோ, சென்னிமலை பெட்ஷீட்டோ, பொள்ளாச்சி தேங்காய் எண்ணெயோ எதுவானாலும் கணக்கு இதேதான். இரவு கடையடைக்கும் முன் கல்லாவை எண்ணி, ரொக்கத்தையும் பில் புத்தகத்தையும் நேராக்காமல் வீட்டுக்குப் போகாத ஊர் இது. இணையக் கடைக்குக் கல்லா இல்லை. அதனால்தானோ என்னவோ, எண்ணும் பழக்கமும் அங்கே விட்டுப்போயிருக்கிறது.

பணம் வரும் வழி

வாடிக்கையாளர் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டும் பணம் நேராகக் கடையின் கணக்குக்கு வருவதில்லை. முதலில் கேட்வே கம்பெனியின் எஸ்க்ரோ கணக்குக்குப் போகிறது. வியாபாரிகளுக்குச் சேர வேண்டிய பணத்தை கம்பெனி தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல், வங்கியில் தனியாக இப்படி ஒரு கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17-ல் வெளியிட்ட நெறிமுறைகள் போட்ட கட்டுப்பாடு இது. அங்கிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, ஒரு நாள் விற்பனையை மூட்டையாகக் கட்டி, கடையின் வங்கிக் கணக்குக்கு கம்பெனி அனுப்புகிறது. அந்த மூட்டைக்குப் பெயர்தான் செட்டில்மென்ட்.

வழக்கமான ஒப்பந்தத்தில் விற்ற நாளிலிருந்து இரண்டு வேலை நாளில் பணம் வர வேண்டும். 'வேலை நாள்' என்ற சொல்லில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் பாராமல், ஞாயிறு உட்பட ஓடுகிறது. ஆனால் கேட்வே தன் நாட்களை எண்ணும் முறை வேறு. சனிக்கிழமையை வேலை நாளாக எடுக்காத கம்பெனி என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விற்பனையும் செவ்வாய்க்கிழமைதான் வரும். திங்கட்கிழமை வருவது வியாழக்கிழமைப் பணம். பொங்கலுக்கு நம் ஊரில் வங்கிகள் தொடர்ந்து மூடியிருக்கும். பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் கம்பெனி எந்த ஊர் விடுமுறைப் பட்டியலை வைத்து எண்ணுகிறது என்பதை ஒப்பந்தம் போடும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், தை மாதத்தில் அனாவசியமாகப் பதற வேண்டியதில்லை.

ஆக, ஒரு விற்பனையை நேராக வங்கி ஸ்டேட்மென்டில் தேடக் கூடாது. கிடைக்காது. நடுவில் செட்டில்மென்ட் ரிப்போர்ட் இருக்கிறது; இரண்டு இடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். கடையின் ஆர்டர் பட்டியலையும் கேட்வே ரிப்போர்ட்டையும் ஆர்டர் எண்ணை வைத்து ஒட்டுவது ஒன்று. கேட்வே ரிப்போர்ட்டையும் வங்கி ஸ்டேட்மென்டையும் யு.டி.ஆர். எண்ணை வைத்து ஒட்டுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போகிறவர்கள்தான் மாதக் கடைசியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

வங்கிப் பக்கம்

இரண்டாவதில் தொடங்குவதுதான் சுலபம். ஒவ்வொரு செட்டில்மென்டுக்கும் ஒரு யு.டி.ஆர். உண்டு. பணம் நெஃப்டில் வந்தால் அது 16 எழுத்தும் எண்ணும் கொண்டது, ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22. ரேஸர்பே போன்ற கேட்வேயின் ரிப்போர்ட்டில் `settlement_utr` என்ற பத்தியில், அந்த மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் நேராக அதே எண் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணுக்கு உரிய வரவுகளைக் கூட்டி, பற்றுகளைக் கழித்தால் வங்கியில் வந்த தொகை வர வேண்டும். எக்செலில் ஒரு வரி போதும். வங்கி வரவின் யு.டி.ஆர். A2-விலும் தொகை C2-விலும் இருக்கிறது, `Recon` என்ற தாளில் E பத்தி பற்று, F பத்தி வரவு, P பத்தி யு.டி.ஆர். என்று வைத்துக்கொண்டால்:

```
=ROUND(SUMIFS(Recon!F:F,Recon!P:P,A2)-SUMIFS(Recon!E:E,Recon!P:P,A2)-C2,2)
```

விடை 0 என்றால் அந்த மூட்டை சரி. `ROUND` எதற்கு என்றால், தசமக் கூட்டலில் எக்செல் விட்டுவைக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், நேரான கணக்கையும் நேராகாததாகக் காட்டிவிடும்.

புதன்கிழமை மூட்டையைப் பிரிப்போம். ரிப்போர்ட்டில் 20 விற்பனை இருக்கிறது, 50,000 ரூபாய். இந்தக் கடைக்கு எல்லாவற்றுக்கும் 2 சதவீதக் கட்டணம் என்று ஒப்பந்தம். சேலைக்கு 50 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 9 ரூபாய், ஆக 59 போக 2,441. இருபது சேலைக்கு 48,820. போன வாரம் வாங்கிய ஒருவர் சேலையைத் திருப்பியதால் செவ்வாய்க்கிழமை போட்ட ரீஃபண்ட் 2,500 இந்த மூட்டையிலேயே பிடிக்கப்பட்டிருக்கிறது. மீதி 46,320. வங்கியில் வந்ததும் அதுவே. ரீஃபண்ட் போட்டாலும், விற்றபோது பிடித்த 59 ரூபாயைக் கேட்வே பொதுவாகத் திருப்பித் தராது. அது கடையின் நஷ்டம்.

யு.பி.ஐ.க்குக் கட்டணமே இல்லையே என்று முதலாளிகள் சண்டைக்கு வருவதுண்டு. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்.டி.ஆர். என்ற வங்கிக் கட்டணம் கிடையாது என்பது சரி. கேட்வே பிடிப்பது தன் சேவைக்கென்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட கட்டணம். அதைப் பேரம் பேசலாம். மறுத்துக் கேட்க வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ரேஸர்பே ரிப்போர்ட்டில் `fee`, `tax` என்று இரண்டு பத்தி இருக்கும். `fee` பத்தியில் வரியும் சேர்ந்தே இருக்கிறது. `tax` என்பது அதில் வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது மட்டுமே. இரண்டையும் கழிப்பவருக்கு 46,140 என்று வரும், 180 ரூபாய் உதைக்கும். வித்தியாசம் சரியாக `tax` பத்தியின் கூட்டுத்தொகையாகவே இருந்தால் காரணம் இதுதான். கேட்வேக்குப் புகார் எழுத வேண்டாம். இன்னொன்று, ஏ.பி.ஐ. வழியாக எடுத்தால் தொகை பைசாவில் வரும். 2,44,100 என்று பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

எக்செலே செய்யும் குறும்புகளும் உண்டு. யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் இருக்கும், ஆர்.ஆர்.என். என்பார்கள். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த மூன்றும் அது வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. ஒரு ஆர்.ஆர்.என். 5309 என்று தொடங்கினால் அது 2025-ன் 309-வது நாள், நவம்பர் 5. இது தெரிந்தவர், வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் அன்றையதா பழசா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். 2020-ல் இந்த எண்களெல்லாம் சுழியில் தொடங்கின. எக்செல் அந்தச் சுழியை விழுங்கி எண்ணைச் சுருக்கிவிட்டது, ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. 2030-ல் இதே கூத்து மறுபடி நடக்கும். கார்டு ரீஃபண்டுக்கான ஏ.ஆர்.என். 23 இலக்கம், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் சுழியாக்கிவிடும், சேமித்த பிறகு மீட்க முடியாது. கோப்பைத் திறக்கும் முன்பே இந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று அமைத்துக்கொள்வதுதான் வழி.

ஆர்டர் பக்கம்

வங்கி வரவும் ரிப்போர்ட்டும் பைசா சுத்தமாக ஒட்டிவிட்டன. இங்கே பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆனால் கேட்வே 20 என்கிறது, கடை 22 என்கிறது. இரண்டு சேலையைக் காணோம். வங்கியை மட்டும் ஒட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் வராத பணம் எந்த ஸ்டேட்மென்டிலும் இல்லை.

தொகையை வைத்து ஒட்டப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வோம். எல்லாச் சேலையும் 2,500 ரூபாய். எந்த ஆர்டருக்கு எந்தப் பணம் என்று பார்க்காமல் டிக் போட்டுக்கொண்டே போனால், காணாமல் போன இரண்டும் கடைசி இரண்டு வரிகளாகத்தான் நிற்கும்; உண்மையில் அவை வேறு எங்கோ இருக்கலாம். ஆர்டர் எண்ணால் ஒட்டினால்தான் சரியான இரண்டு பேர் வெளியே வருவார்கள்.

முதலாவது ஆர்டர் திங்கட்கிழமை இரவு 11.58-க்குப் போட்டது. வாடிக்கையாளர் பின் எண்ணை அடித்துப் பணம் உறுதியானபோது 12.01. கடைக்கு அது திங்கட்கிழமை, கேட்வேக்கு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை வந்துவிடும். இதை 'நேர வித்தியாசம்' என்று குறித்து வைத்தால் போதும். இப்படி நாள் தவறாமல் நாலைந்து நின்றால் மட்டும் கடையின் சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நம் நேரப்படி நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்தரை வரை வரும் ஆர்டர்கள் எல்லாம் முந்தைய நாளில் விழும்.

இரண்டாவதுதான் வில்லங்கம். கடையின் பட்டியலில் அந்த ஆர்டருக்கு நேராக 'பணம் பெறப்பட்டது' என்று இருக்கிறது. கேட்வேயின் பட்டியலிலோ `failed`. சேலை பார்சலாகி கூரியருக்குப் போகக் காத்திருக்கிறது. உடனே செய்ய வேண்டியது பார்சலை நிறுத்துவது. மற்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு சேலைக்காக இவ்வளவு அலட்டலா என்று தோன்றினால், இதே ரகம் பெரிய அளவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் ரேஸர்பே நிறுவனமே பெங்களூரு தென்கிழக்கு சைபர் குற்றப் பிரிவில் ஒரு புகார் கொடுத்தது. 831 பரிவர்த்தனைகளுக்கான 7,38,36,192 ரூபாயை அதனால் ஒட்ட முடியவில்லை. கார்டு அனுமதியைக் கையாண்ட ஃபைசர்வ் நிறுவனத்தைக் கேட்டபோது, அந்தப் பரிவர்த்தனைகள் தோல்வியடைந்தவை என்று பதில் வந்தது. பணம் வாடிக்கையாளர் பக்கமிருந்து வரவே இல்லை. ஆனால் அனுமதித் தகவலை யாரோ நடுவில் திருத்தி வெற்றி என்று காட்டியதால், 16 வியாபாரிகளின் தளங்களில் அவை வெற்றியாகவே பதிவாகிவிட்டன. மார்ச் 6-ல் தொடங்கி மே 13 வரை நடந்திருக்கிறது. பழைய முறை இணைப்பை வைத்திருந்த சில தளங்களில் சரிபார்ப்பு ஓட்டை இருந்தது என்றும், வியாபாரிகளுக்கோ வாடிக்கையாளர்களுக்கோ நஷ்டமில்லை என்றும் நிறுவனம் பின்னர் சொன்னது.

அந்த எண்களை வகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 69 நாளில் 831 என்றால் நாளுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் சராசரியாக 88 ஆயிரத்துச் சொச்சம். நாடு முழுக்கப் பரிவர்த்தனை பார்க்கும் ஒரு கம்பெனியின் கடலில் பன்னிரண்டு என்பது துளி. 22 ஆர்டர் இருக்கும் நம் கடையில் ஒன்று ஒட்டவில்லை என்றால் அது அப்பட்டமாகத் தெரியும். ஆனால் அன்றன்றே பார்த்தால்தான் தெரியும். மாதக் கடைசியில் அறுநூறு வரியை மொத்தமாகப் போட்டுப் பார்த்தால் நாமும் அந்த நிலைக்குப் போய்விடுவோம், அதற்குள் சேலையும் போயிருக்கும்.

தளத்தில் வெற்றி, கேட்வேயில் தோல்வி என்பது எப்படி வருகிறது? பணம் கட்டி முடித்ததும் வாடிக்கையாளரின் பிரவுசர் கடைக்குத் திரும்பி வந்து 'ஆயிற்று' என்கிறது. அந்தப் பேச்சை அப்படியே நம்பும் தளம்தான் ஏமாறுகிறது. பிரவுசர் வாடிக்கையாளரின் கையில் இருப்பது. அதில் வருவதைத் திருத்த முடியும். அதனால் கேட்வே ஒவ்வொரு வெற்றியோடும் ஒரு முத்திரையை அனுப்புகிறது. ரேஸர்பேயில் அது இப்படி உருவாகிறது:

```
hmac_sha256(order_id + "|" + razorpay_payment_id, secret)
```

`secret` கடைக்கும் கேட்வேக்கும் மட்டுமே தெரிந்தது. கடையின் சர்வர் தானும் இதே கணக்கைப் போட்டு, வந்த முத்திரையோடு பொருந்தினால்தான் ஆர்டரைப் பணம் வந்ததாகக் குறிக்க வேண்டும். தளம் செய்து கொடுத்த பையனிடம் "சிக்னேச்சர் வெரிஃபை பண்றீங்களாப்பா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "அதெல்லாம் இருக்குங்ணா" என்றால், அந்த வரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பணம் இருக்கிறது, ஆர்டர் இல்லை

நேர் எதிரானதும் நடக்கும். கேட்வே ரிப்போர்ட்டில் 2,500 வந்திருக்கும், கடையில் அந்த ஆர்டர் 'தோல்வி' என்று கிடக்கும். பெரும்பாலும் யு.பி.ஐ.யில். வங்கியின் பதில் தாமதமாகிறது, தளம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தோல்வி என்று எழுதிவிடுகிறது, ஐந்து நிமிஷமோ ஐந்து மணி நேரமோ கழித்து கேட்வேக்கு வெற்றி என்று தகவல் வருகிறது. இதற்கிடையில் அந்த அம்மா இன்னொரு முறை பணம் கட்டிச் சேலையை வாங்கியும் இருப்பார். அப்போது ஒரே சேலைக்கு இரண்டு பணம் நிற்கும். இரண்டாவதைத் திருப்ப வேண்டியது கடையின் பொறுப்பு. ஒட்டிப் பார்க்காத கடையில் அது வருமானம் என்று கணக்கில் ஏறிவிடும், வாடிக்கையாளர் கேட்கும்வரை.

இங்கே கடைக்காரர்களின் நல்ல மனசே அவர்களைக் கவிழ்க்கிறது. "அக்கா, எனக்குப் பணம் போயிருச்சு, உங்க சைட்ல ஃபெயில்டுன்னு காட்டுது" என்று போன் வருகிறது. பாவம் என்று கடைக்காரர் தன் போனிலிருந்தே 2,500 அனுப்பிவிடுகிறார். மூன்றாம் நாள் வங்கியும் தானாகவே அந்தப் பணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பிவிடுகிறது. 2019 செப்டம்பர் 20-ன் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, கடைக்கு உறுதித் தகவல் சேராமல் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால், அது ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு. ஆகவே கடை செய்ய வேண்டியது, அந்த 12 இலக்க எண்ணை வாங்கிக் கேட்வேயில் தேடுவது. அங்கே வெற்றி என்றிருந்தால் கேட்வே வழியாகவே ரீஃபண்ட். தோல்வி என்றிருந்தால், "உங்க பேங்க்லருந்து அஞ்சு நாளைக்குள்ள திரும்ப வந்துருங்க" என்று சொல்லித் தேதியைக் குறித்து வைப்பது. கைப்பணத்தை அனுப்பினால் அதற்குக் கேட்வே கணக்கில் எந்தத் தடமும் இருக்காது.

ஒரு பக்கம் தோல்வி, மறுபக்கம் வெற்றி என்பது வங்கிகளுக்குள்ளேயே நடந்ததும் உண்டு. 2023 நவம்பர் 10 முதல் 13 வரை, தீபாவளி வாரக் கடைசியில், யூகோ வங்கியின் ஏறத்தாழ 41,000 கணக்குகளில் 820 கோடி ரூபாய் ஏறியது. அனுப்பிய வங்கிகளில் அந்த ஐ.எம்.பி.எஸ். பரிவர்த்தனைகள் தோல்வி என்றே பதிவாகியிருந்தன; அனுப்பியவர் கணக்கில் பணம் குறையவே இல்லை. பெரும்பகுதி பிறகு மீட்கப்பட்டது, சி.பி.ஐ. வழக்கும் பதிவானது.

வரவே இல்லை என்றால் யாரைக் கேட்பது

இரண்டு வேலை நாள் கழிந்தும் மூட்டை வரவில்லை என்றால் கேட்வேக்கும் வங்கிக்கும் ஒரே நேரத்தில் மெயில் போடும் வழக்கம் இருக்கிறது. இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள், ஒரு வாரம் போகும். யு.டி.ஆர். உருவாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் யாரைக் கேட்பது என்பது தீர்ந்துவிடும்.

யு.டி.ஆர். இருந்தால் பணம் கேட்வேயை விட்டுப் புறப்பட்டுவிட்டது. நெஃப்டில் ஒரு தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள், பெறும் வங்கி பணத்தை வரவு வைக்க வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். தாமதத்துக்கு ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டியும் தர வேண்டும். எனவே எண்ணோடு நம் வங்கிக் கிளையைக் கேட்க வேண்டும். அதற்கு முன், ஸ்டேட்மென்டில் அந்த எண்ணின் கடைசி ஆறு எழுத்தை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள். விவரப் பத்தியில் இடம் போதாமல் எண்ணின் தலையையோ வாலையோ வெட்டிவிடும் வங்கிகள் உண்டு. வந்த பணம் வராததாகத் தெரியும்.

யு.டி.ஆர். இல்லை என்றால் பணம் கேட்வேயில்தான் இருக்கிறது. `on_hold` பத்தி உண்மை என்று காட்டினால் ஏதோ ஒரு சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த விற்பனையின் பில்லும் கூரியர் ரசீதும் கேட்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்த நாளின் ரீஃபண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். தீபாவளி முடிந்த வாரத்தில் அளவு சரியில்லை, நிறம் சரியில்லை என்று துணி திரும்பி வரும், விற்பனையோ படுத்திருக்கும். கழிக்க வேண்டியது வரவை விட அதிகமானால் அன்று மூட்டையே கட்டப்படாது, பாக்கி அடுத்த நாளுக்குத் தள்ளப்படும். அது தாமதம் அல்ல. அடுத்த நாள் மூட்டை எதிர்பார்த்ததை விடச் சிறுத்து வந்தால் ஊர்ஜிதமாகிவிடும்.

கார்டு வாடிக்கையாளர் தன் வங்கியில் ஆட்சேபம் போட்டால் வாரக்கணக்கில் கழித்து `adjustment` என்ற வகையில் ஒரு பற்று விழும். அன்றைய விற்பனை எதோடும் அது ஒட்டாது. `dispute_id` பத்தியைப் பார்த்தால் எந்தப் பழைய விற்பனை என்று தெரியும். பதில் சொல்லக் கெடு இருப்பதால் இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

டேலியில் எழுதும் விதம்

இவ்வளவையும் எக்செலில் சரிபார்த்துவிட்டு, டேலியில் 46,320-ஐ விற்பனை என்று ஒற்றை வரியில் எழுதும் கடைகள் இருக்கின்றன. விற்பனை குறைத்துக் காட்டப்படுகிறது, கட்டணம் செலவில் வருவதில்லை, கட்டணத்தின் மேல் கட்டிய ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவாக எடுக்கப்படுவதில்லை. மூன்று நஷ்டம்.

சரியான வழி, வங்கிக்கும் விற்பனைக்கும் நடுவே 'கேட்வே வசூல்' என்று ஒரு லெட்ஜர் வைப்பது. சேலைக்கான ஜி.எஸ்.டி.யை இங்கே பிரிக்காமல் சொல்கிறேன். திங்கட்கிழமை உண்மையில் விற்றது 21 சேலை. தோற்றுப்போன ஒன்று விற்பனையே அல்ல. எனவே கேட்வே வசூலில் பற்று 52,500. செவ்வாய்க்கிழமை போட்ட ரீஃபண்ட் 2,500 வரவு. புதன்கிழமை வங்கிக்கு வந்த 46,320, கட்டணம் 1,000, உள்ளீட்டு வரி 180 ஆகியவையும் வரவு. மொத்த வரவு 50,000, மீதி 2,500. அது நள்ளிரவைத் தாண்டிய சேலையின் பணம். வியாழக்கிழமை மூட்டையோடு அதுவும் தீரும். இடைப்பட்ட நாட்களின் விற்பனையும் சேர்ந்தே இருக்கும் என்பதால், எந்த மாலையிலும் இந்த லெட்ஜரின் பாக்கி, கேட்வேயில் இன்னும் செட்டில் ஆகாமல் நிற்கும் மொத்தத் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வித்தியாசத்துக்கு உரிய ஆர்டரைப் பெயர் சொல்லிக் காட்ட முடிய வேண்டும்.

மாத முடிவில் கேட்வே ஒரு வரி இன்வாய்ஸ் அனுப்பும். அதில் உள்ள ஜி.எஸ்.டி., மாதம் முழுக்க `tax` பத்தியில் விழுந்ததன் கூட்டாக இருக்க வேண்டும், ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யிலும் அதே தொகை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, கேட்வேயில் பதிவு செய்தபோது கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தோமா என்பது. எண் கொடுக்காத கடைக்கு வரும் இன்வாய்ஸ் தனிநபருக்கு எழுதியதாகவே போகும். நாளுக்கு 180 ரூபாய் வீதம் அந்த வரி கைக்கு வராது.